'நோ' வந்தால் இடம் மாறும் சொற்கள்

ஸ்பானிஷில் 'அதை எனக்குக் கொடு' என்பதற்கு 'தாமெலோ' என்பார்கள். 'அதை எனக்குக் கொடுக்காதே' என்றால் 'நோ மே லோ தேஸ்'. இரண்டிலும் இருப்பவை அதே சொற்கள்தான். 'தா' என்றால் கொடு, 'மே' என்றால் எனக்கு, 'லோ' என்றால் அதை. முதல் வாக்கியத்தில் மூன்றும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. இரண்டாவதில் 'நோ' முன்னால் வந்து நின்றதும் 'மே', 'லோ' இரண்டும் வினைச்சொல்லிலிருந்து பிரிந்து அதற்கு முன்னால் போய்விட்டன. வினையும் 'தா' என்ற உருவத்தை விட்டு 'தேஸ்' ஆகிவிட்டது. ஸ்பானிஷ் கற்கும் எவரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள். 'நோ தாமெலோ' என்பது புதிதாகக் கற்பவர்களின் வாயில் தானாக வரும் தவறு.

கட்டளைக்கு ஓர் உருவம், மறுப்புக் கட்டளைக்கு வேறு உருவம் என்பது நமக்கு அந்நியமானதல்ல. 'வா' என்கிறோம், 'வராதே' என்கிறோம். 'இல்லை வா' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 'எனக்கு அதைத் தா', 'எனக்கு அதைத் தராதே' என்ற இரண்டிலும் 'எனக்கு', 'அதை' இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஸ்பானிஷில் அவை நகர்கின்றன. ஏன் நகர்கின்றன என்று புரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் வினையைப் பார்ப்போம். 'நீ' என்று அழைக்கும் ஒருவரிடம் 'சாப்பிடு' என்று சொல்ல 'கோமே' என்பார்கள். சிக்கல் என்னவென்றால், 'அவன் சாப்பிடுகிறான்', 'அவள் சாப்பிடுகிறாள்' என்பதற்கும் அதே 'கோமே'தான். பெரும்பாலான வினைகளில் நிலைமை இதுதான். ஒருமைக் கட்டளையும் படர்க்கை நிகழ்காலமும் உருவத்தில் ஒன்று. 'ஆப்லா' என்றால் 'பேசு'. 'அவன் பேசுகிறான்' என்றாலும் 'ஆப்லா'.

தனியாக நிற்கும்போது குரலின் ஏற்ற இறக்கமும் சூழலும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'அதை' என்ற சொல் சேரும்போதுதான் ஸ்பானிஷ் தன் வேலையைக் காட்டுகிறது. 'லோ கோமே' என்றால் 'அவன் அதைச் சாப்பிடுகிறான்'. 'கோமெலோ' என்றால் 'அதைச் சாப்பிடு'. வினையில் எழுத்து மாறவில்லை. 'லோ' முன்னால் நின்றால் செய்தி, பின்னால் ஒட்டினால் கட்டளை. 'அதை எனக்குக் கொடு' என்று சொல்ல நினைத்து ஒருவர் 'மே லோ தா' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் எதையும் எடுத்துத் தரமாட்டார். 'யார் கொடுக்கிறார்?' என்று திருப்பிக் கேட்பார். அவர் காதில் விழுந்தது 'அவர் அதை எனக்குக் கொடுக்கிறார்' என்ற தகவல்தான்.

மறுப்பில் கணக்கு தலைகீழாகிறது. 'நோ லோ கோமே' என்றால் 'அவன் அதைச் சாப்பிடுவதில்லை'. 'நோ லோ கோமாஸ்' என்றால் 'அதைச் சாப்பிடாதே'. இரண்டிலும் 'லோ' ஒரே இடத்தில்தான் நிற்கிறது, ஆகவே இடத்தை வைத்து இங்கே எதையும் அறிய முடியாது. அந்தப் பொறுப்பை இப்போது வினையின் உருவம் ஏற்றுக்கொள்கிறது. உடன்பாட்டில் வினை மாறுவதில்லை, இடம் மாறுகிறது. மறுப்பில் இடம் மாறுவதில்லை, வினை மாறுகிறது. பாடப்புத்தகங்கள் இவற்றை இரண்டு தனி விதிகளாக இரண்டு பாடங்களில் கொடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப்பட்டதில்லை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒன்று விட்ட வேலையை மற்றொன்று செய்வது தெரிகிறது.

மறுப்பில் வரும் உருவம் எங்கிருந்து வருகிறது? ஆசை, ஐயம், வேண்டுகோள் போன்றவற்றைச் சொல்ல ஸ்பானிஷ் தனியாக வைத்திருக்கும் வினை உருவம் அது. அடையாளம் உயிரெழுத்து. 'ஆப்லா' என்பதில் இருக்கும் 'ஆ' ஏகாரமாகி 'நோ ஆப்லேஸ்' (பேசாதே) ஆகும். 'கோமே' என்பதில் இருக்கும் 'ஏ' ஆகாரமாகி 'நோ கோமாஸ்' ஆகும். இரு வகை வினைகளும் ஒன்றின் உயிரை மற்றொன்று கடன் வாங்கிக்கொள்கின்றன. அன்றாடம் புழங்கும் சில வினைகள் உடன்பாட்டில் ஓரசையாகக் குறுகிவிடும். 'தீ' என்றால் சொல், 'வென்' என்றால் வா, 'போன்' என்றால் வை. இவற்றின் மறுப்பைப் பிடிக்க 'நான்' உருவத்திலிருந்து தொடங்க வேண்டும். 'நான் சொல்கிறேன்' என்பது 'தீகோ', அதனால் மறுப்பு 'நோ தீகாஸ்'. 'நான் வைக்கிறேன்' என்பது 'போங்கோ', அதனால் 'நோ போங்காஸ்'.

ஒட்டுவதும் விலகுவதும் ஏன் என்பதற்கு மொழி வரலாற்றில் பதில் இருக்கிறது. 'மே', 'லோ' போன்றவை தமக்கென அழுத்தம் இல்லாத சின்னச் சொற்கள்; அடுத்த சொல்லில் சாய்ந்தே உச்சரிக்கப்படுபவை. பழைய ஸ்பானிஷில் இப்படிப்பட்ட சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்க முடியாது. பழைய பிரெஞ்சில் இந்தப் பழக்கத்தை அடோல்ஃப் தோப்ளர் என்ற அறிஞரும், பழைய இத்தாலியனில் அடோல்ஃபோ முஸ்ஸாஃபியாவும் 19-ஆம் நூற்றாண்டில் கவனித்து எழுதினார்கள். இன்றும் அந்த விதி அவர்கள் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கட்டளை பெரும்பாலும் வினையோடுதான் தொடங்கும். அதற்கு முன்னால் வேறு சொல் இல்லாததால் 'மே' முன்னால் வர வழியில்லை, பின்னால்தான் ஒட்ட வேண்டும். மறுப்பிலோ 'நோ' முதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சின்னச் சொல் அதன் பின்னால் வசதியாக நின்றுகொள்ளலாம்.

அந்தக் காலத்தில் செய்தி வாக்கியத்துக்கும் இதே நடைமுறைதான். 'என்னிடம் சொன்னான்' என்பதை வாக்கியத்தின் தொடக்கத்தில் 'தீஹோமே' என்று ஒட்டி எழுதினார்கள். இன்று 'மே தீஹோ'. செய்தி வாக்கியம் பழைய பழக்கத்தை விட்டுவிட்டது, உடன்பாட்டுக் கட்டளை விடவில்லை. இன்று அது பொருளையே பிரித்துக் காட்டும் கருவியாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். தம்பியிடம் 'அதை அம்மாவிடம் சொல்' என்று சொல்ல வேண்டும். வினை 'தீ'. 'அவளிடம்' என்பதற்கு 'லே', 'அதை' என்பதற்கு 'லோ'. ஆளைக் குறிப்பது முதலில், பொருளைக் குறிப்பது பிறகு என்பது வரிசை. 'எனக்கு அதை' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும். ஆனால் 'லே லோ' என்ற சேர்க்கையை ஸ்பானிஷ் ஏற்பதில்லை. அப்படி வரும்போது 'லே' என்பது 'ஸே' ஆகிவிடும். ஆகவே 'தீஸெலோ'. அம்மாவின் பெயரையும் சேர்த்தால் 'தீஸெலோ ஆ மமா'. இப்போது மனம் மாறிவிட்டது, சொல்ல வேண்டாம். 'நோ' முன்னால் வருகிறது. 'ஸே லோ' பிரிந்து அதன் பின்னால் அதே வரிசையில் நிற்கிறது. 'தீ' என்பது 'தீகாஸ்' ஆகிறது. 'நோ ஸே லோ தீகாஸ் ஆ மமா.' இடம் மாறினாலும் அவற்றின் உள் வரிசை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று 'அதை'யை விட்டுவிடலாம். ஸ்பானிஷில் அது 'லோ' ஆகவாவது இருந்தே ஆக வேண்டும். தமிழர்கள் அதிகம் தவறவிடும் சொல் இதுதான்.

எழுதும்போது இன்னொன்று சேரும். எத்தனை சொல் ஒட்டினாலும் வினையில் அழுத்தம் விழும் அசை மாறாது. ஸ்பானிஷில் உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்கு இயல்பான அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அதற்கும் முன்னால் விழுந்தால் அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு போட்டே ஆக வேண்டும். 'தா' என்பதற்குக் கோடு இல்லை. 'தாமே' என்பதற்கும் இல்லை. 'தாமெலோ' ஆனதும் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் இருக்கிறது, கோடு வந்துவிடுகிறது. அர்ஜென்டினாவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே 'சொல்' என்பது 'தெஸீ'. கடைசி அசையில் அழுத்தம், அதனால் கோடு உண்டு. 'என்னிடம் சொல்' என்று 'தெஸீமே' ஆனதும் கோடு போய்விடுகிறது. 'தெஸீமெலோ' ஆனால் திரும்பி வருகிறது.

'நீங்கள்' என்று மரியாதையாகப் பேசும்போது வேலை பாதிதான். அங்கே உடன்பாட்டுக் கட்டளையே அந்தத் தனி உருவத்தில்தான் இருக்கும். 'கோமாலோ' என்றால் 'அதைச் சாப்பிடுங்கள்', 'நோ லோ கோமா' என்றால் 'அதைச் சாப்பிடாதீர்கள்'. 'கோமா' மாறவில்லை, 'லோ' மட்டும் நகர்கிறது. ஸ்பெயினில் ஒரு காப்பிக் கடையில் 'போங்காமே உன் கஃபே' (எனக்கு ஒரு காப்பி போடுங்கள்) என்று கேட்பது வழக்கம். அறிமுகமான பையனாக இருந்தால் 'போன்மே'.

பலரிடம் பேசும் கட்டளையில் ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் வழக்கு வேறு. ஸ்பெயினில் 'உட்காருங்கள்' என்பது 'ஸென்தாத்'. அதோடு 'ஓஸ்' ஒட்டும்போது இறுதி மெய் விழுந்து 'ஸென்தாவோஸ்' ஆகும். 'போங்கள்' என்ற ஒரே வினையில் மட்டும் அது விழாமல் 'ஈதோஸ்' என்றிருந்தது. ஆனால் மக்கள் வாயில் 'ஈரோஸ்' என்றே புழங்கியது, 2017-இல் ஸ்பானிஷ் மொழிக் கழகமும் அதை ஏற்றுக்கொண்டது.

ஒட்டும் விதி எழுத்திடம் தோற்றுப்போகும் ஓரிடமும் உண்டு. 'வெளியே வா' என்பது 'ஸால்'. 'அவரை எதிர்கொள்ளப் போ' என்று சொல்ல அதோடு 'லே' சேர வேண்டும். பேச்சில் 'ஸால்-லே' என்று சொல்வதில் சிரமம் எதுவும் இல்லை. எழுதினால் இரண்டு லகரங்கள் அடுத்தடுத்து வரும்; ஸ்பானிஷில் இரட்டை லகரம் யகரம் போன்ற வேறோர் ஒலி, ஆகவே படிப்பவர் 'ஸாயே' என்று வாசிப்பார். பிரித்து எழுதவும் இலக்கணம் விடாது, ஒட்டித்தான் ஆக வேண்டும். அதனால் இந்தச் சொல்லைச் சரியாக எழுத வழியே இல்லை என்று மொழிக் கழகம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. எழுதுபவர்கள் வாக்கியத்தை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மறுப்பில் இந்தத் தொல்லை எழுவதே இல்லை. 'நோ லே ஸால்காஸ்' என்று 'லே' முன்னால் போய்விடுகிறது, இரண்டு லகரங்களும் சந்திப்பதில்லை.