லென்ஸ் வளையத்தில் ஏன் 'டி'?

ஒரே காட்சியை ஒரு 50 மி.மீ. லென்ஸிலும் ஒரு ஜூம் லென்ஸிலும் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் எஃப் 2.8. விளக்குகளை யாரும் தொடவில்லை. ஆனால் எடிட்டிங்கில் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தால், ஜூமில் எடுத்த ஷாட் சற்று இருண்டு தெரியும்.

காரணம், எஃப்-ஸ்டாப் வெறும் வடிவக் கணக்கு. லென்ஸின் குவிய தூரத்தை, முன்புறமிருந்து பார்க்கையில் தெரியும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 50 மி.மீ. லென்ஸில் துவாரம் 25 மி.மீ. என்றால் எஃப் 2. உள்ளே நுழைந்த வெளிச்சத்தில் எவ்வளவு மறுபக்கம் வந்து சேர்ந்தது என்பது இந்தக் கணக்கில் வராது.

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 15 தனித்தனிக் கண்ணாடிகள் கொண்ட ஜூமில் 30 பரப்புகள். கடைசியில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சு இந்த இழப்பை வெகுவாகக் குறைத்தது. குறைத்ததே தவிர, ஒழிக்கவில்லை.

டி-ஸ்டாப் இந்த இழப்பையும் சேர்த்துச் சொல்கிறது. லென்ஸ் கடத்தும் வெளிச்சத்தை அளந்து, அந்தப் பங்கின் வர்க்கமூலத்தால் எஃப்-எண்ணை வகுக்கிறார்கள். நம் 50 மி.மீ. லென்ஸ் 90 சதவீதம் கடத்தினால் எஃப் 2.8 என்பது டி 2.95 ஆகும். ஜூம் 70 சதவீதம்தான் கடத்துகிறது என்றால் டி 3.35. இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒரு ஸ்டாப். தனிப் புகைப்படத்தில் இது கண்ணில் படாது. ஒரே முகம் வெட்டுக்கு வெட்டு மாறி வரும் சினிமாவில் உறுத்தும்.

புகைப்படக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவருடைய கேமரா லென்ஸ் வழியாக வந்த வெளிச்சத்தையே அளப்பதால், இழப்பும் அந்த அளவிலேயே அடங்கிவிடுகிறது. ஒளிப்பதிவாளரோ கையில் லைட் மீட்டரோடு நடிகர் நிற்கும் இடத்தில் அளக்கிறார். அந்த மீட்டருக்கு எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தெரியாது. மீட்டர் 4 என்று காட்டினால், எந்த லென்ஸிலும் டி 4 வைத்தால் போதும்; வெளிச்சம் ஒன்றாகவே பதியும். அதனால்தான் சினிமா லென்ஸ்களில் டி எண்ணைப் பொறிக்கிறார்கள்.

ஒரு வேலைக்கு மட்டும் டி எண் உதவாது. ஃபோகஸில் எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பதைத் துவாரத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது. அதற்கு எஃப்-எண்ணே சரி.

இரண்டும் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கு சோனியின் 100 மி.மீ. எஸ்டிஎஃப் லென்ஸ் நல்ல சாட்சி. பின்னணி மங்கல் மென்மையாக இருப்பதற்காக, ஓரத்தை நோக்கிக் கருமை கூடும் ஒரு வடிகட்டியை அதனுள் வைத்திருக்கிறார்கள். துவாரக் கணக்கில் அது எஃப் 2.8. வெளிச்சக் கணக்கில் டி 5.6; அதாவது கால் பங்குதான் உள்ளே வருகிறது.