கையெழுத்துப் போடும் முன்

விபத்தில் அடிபட்டு மயக்கத்தில் வந்தவரின் சங்கிலியை நர்ஸ் கழற்றுகிறார். பதிவேட்டில் 'தங்கச் சங்கிலி' என்று எழுதாமல், 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1, டாலருடன், கொக்கி உடைந்தது' என்று எழுதுவார். தங்கமா கவரிங்கா என்று வார்டில் உரசிப் பார்க்க முடியாதே! கூட வந்தவர் இதற்குக் கோபப்பட வேண்டியதில்லை. அடையாளம் முழுமையாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பணம் என்றால் 500 ரூபாய்த் தாள் எத்தனை, ஆதார் அட்டை அசலா நகலா என்பதெல்லாம் இருக்கட்டும். கண்ணெதிரே எண்ணிய பிறகு தேதி, நேரம், நோயாளிக்கு என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்துவிட்டால் பிறகு எதையும் சேர்க்க முடியாது. வெட்டி எடுத்த ரத்தச் சட்டையும் பட்டியலில் வரவேண்டும். போலீஸ் வழக்கானால் அது தடயம்; வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துவிடக் கூடாது.