போலி அட்டையைக் காட்டிக்கொடுக்கும் புள்ளிகள்

போக்கிமான், மேஜிக்: தி கேதரிங் போன்ற விளையாட்டுகளின் சேகரிப்பு அட்டைகள் ஆஃப்செட் முறையில் அச்சாகின்றன. சிவகாசியில் அச்சாகும் காலண்டர் படமும் அதே முறையில்தான் உருவாகிறது. சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளேட் உண்டு. ஒவ்வொரு பிளேட்டும் தன் நிறத்தைச் சிறு புள்ளிகளாகத் தாளில் பதிக்கிறது. புள்ளி வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடாதபடி ஒவ்வொரு நிறத்தின் வரிசையும் வேறு வேறு கோணத்தில் சாய்க்கப்படுகிறது. இந்தச் சாய்வினால் புள்ளிகள் சேருமிடத்தில் சின்னஞ்சிறு பூ வடிவங்கள் தோன்றுகின்றன. வெறும் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. நகைக்கடைகளில் பயன்படும் முப்பது மடங்கு பூதக்கண்ணாடியை அட்டையின் மேல் வைத்தால் தெளிவாகத் தெரியும்.

போலி அட்டை பெரும்பாலும் உண்மையான அட்டையை ஸ்கேன் செய்து உருவாக்கப்படுகிறது. ஸ்கேனர் படத்தை மட்டும் எடுப்பதில்லை, படத்தை உருவாக்கிய புள்ளிகளையும் சேர்த்தே எடுக்கிறது. அந்தப் பிரதியை மீண்டும் அச்சிடும்போது பழைய புள்ளிகளின் மேல் புதிய புள்ளிகள் விழுகின்றன. பூ வடிவங்கள் சிதைந்து, நிறம் திட்டுத்திட்டாகக் கலங்கி நிற்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததாக இருந்தால் பூ வடிவமே இராது. மைத்துளிகள் ஒழுங்கின்றித் தெளித்தது போல் கிடக்கும்.

இதைவிட நம்பகமான இடம் எழுத்துகள். மேஜிக் அட்டையின் பெயரும் விதிகளும் படத்தோடு சேர்ந்து நான்கு நிறப் புள்ளிகளாக உருவாவதில்லை. கறுப்பு பிளேட்டிலிருந்து முழு மையாக, புள்ளிகளாக உடையாமல், படத்தின் மேல் பதிகின்றன. பூதக்கண்ணாடியின் அடியில் எழுத்தின் விளிம்பு வெட்டினாற்போல் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஸ்கேன் செய்த பிரதியில் எழுத்தும் படத்தின் ஒரு பகுதியாகிவிடுவதால், அதன் ஓரங்களில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கசிந்து நிற்கும். பூ வடிவம் ஆஃப்செட் முறையை மட்டுமே காட்டும். ஆஃப்செட் இயந்திரம் போலிக்காரரிடமும் இருக்கலாம். ஆனால் மூல பிளேட்டுகள் அவரிடம் இல்லை என்பதைக் கறுப்பு எழுத்து காட்டிவிடுகிறது.

மேஜிக் அட்டைகளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அவற்றின் பின்புற வடிவமைப்பு 1993 முதல் மாறவில்லை. பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே கட்டில் கலந்து விளையாடப்படுவதால், பின்பக்கத்தைப் பார்த்து எதையும் இனம்காண முடியாதபடி இருக்க வேண்டும். அந்தப் பின்புறத்தின் நடுவில் ஐந்து நிற வட்டங்கள் உள்ளன. அவற்றில் பச்சை வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மஞ்சள் பரப்பில் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில எழுத்து ‘எல்’ போல வளைந்து நிற்பதைக் காணலாம். போலிகளில் இந்த நான்கும் காணாமல் போகும் அல்லது இடம் மாறும். சேகரிப்பாளர்கள் இதைப் ‘பச்சைப் புள்ளிச் சோதனை’ என்கிறார்கள்.

தொழிற்சாலையில் அச்சாகாத அட்டைகளில் இந்தச் சோதனைகள் எதுவும் செல்லாது. போக்கிமான் அட்டை விளையாட்டு 1996 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கும்போது சோதித்துப் பார்க்கச் செய்தவை என்று சில முன்மாதிரி அட்டைகள் அண்மை ஆண்டுகளில் விற்பனைக்கு வந்தன. முன்மாதிரி என்பதே சாதாரண பிரிண்டரில் எடுத்து ஒட்டிய அட்டைதான். பூ வடிவம் இல்லை என்பது அங்கே குறையாகாது. தரச் சான்று பெற்ற உறைகளில் அவை உயர்ந்த விலைக்குக் கைமாறின. 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் அவற்றின் உயர்தர ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, பல அட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் இருப்பது வெளிப்பட்டது. அந்தப் புள்ளிகள் சொன்ன ஆண்டு 2024.

பல வண்ண லேசர் பிரிண்டர்கள் தாங்கள் அச்சிடும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மறைகுறியைப் பதிக்கின்றன. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள மஞ்சள் புள்ளிகள் ஒரு கட்டமாக அமைந்து பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். கள்ள நோட்டு அடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. வெள்ளைத் தாளில் மஞ்சள் எடுபடாது. நீல வெளிச்சத்தில் பார்த்தாலோ, ஸ்கேன் படத்தில் நீல நிறத் தளத்தை மட்டும் பிரித்தெடுத்தாலோ புள்ளிகள் கறுத்துத் தெரியும்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் டாகுகலர் வகை பிரிண்டரின் குறியை எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2005இல் படித்துக் காட்டியது. அந்தக் கட்டத்தில் பதினைந்து நிரல்களும் எட்டு வரிசைகளும் உள்ளன. நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு, பிரிண்டரின் வரிசை எண் ஆகியவை தனித்தனி நிரல்களில் எழுதப்படுகின்றன. ஒரு நிரலில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடத்துக்கும் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்பு உண்டு. புள்ளி உள்ள இடங்களின் மதிப்பைக் கூட்டினால் எண் கிடைக்கும். ஆண்டின் நிரலில் 8, 16 ஆகிய இடங்களில் புள்ளி இருந்தால் கூட்டுத்தொகை 24, அதாவது 2024. உண்மையில் 1996இல் அச்சானதென்றால் 32, 64 ஆகிய இடங்களில் புள்ளி விழுந்து 96 வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிரலிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்படி உச்சியில் ஒரு சரிபார்ப்புப் புள்ளி சேர்க்கப்படுகிறது. இரண்டு புள்ளிகள் உள்ள ஆண்டு நிரலில் மூன்றாவதாக உச்சிப் புள்ளியும் இருந்தாக வேண்டும். தூசியையோ கறையையோ புள்ளி என்று தவறாக எண்ணினால் இந்தக் கணக்கு உதைக்கும்.

எல்லா பிரிண்டர்களும் இக்குறியை இடுவதில்லை. குறிமுறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே மஞ்சள் புள்ளி இல்லாததை வைத்து ஒரு முன்மாதிரி உண்மையானது என்று சொல்லிவிட முடியாது. புள்ளி இருந்து, அது தவறான ஆண்டைச் சொன்னால் மட்டுமே முடிவு உறுதி.

அச்சு முழுவதும் உண்மையாக இருந்தும் அட்டை போலியாக இருக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது விளிம்பு. சேகரிப்பு அட்டை ஒரே தாள் அன்று. இரண்டு தாள்களுக்கு நடுவே கருமையான பசைப் படலம் வைத்து ஒட்டியது. எதிரே அமர்ந்து விளையாடுபவர் வெளிச்சத்தில் அட்டையை ஊடுருவிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மேஜிக் அட்டையின் விளிம்பைப் பெரிதாக்கினால் நடுவில் நீல இழை ஓடுவது தெரியும். போக்கிமான் அட்டையில் அது கறுப்பாக இருக்கும். மலிவான போலியில் விளிம்பு முழுவதும் வெள்ளையாக இருக்கும், கைவிளக்கை அதன் பின்னால் பிடித்தால் ஒளி தாராளமாக ஊடுருவும். ஆனால் போலிக்காரர்களும் இப்போது இடைப்படலம் வைத்த அட்டைகளை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒளி ஊடுருவினால் அட்டையைச் சந்தேகிக்கலாம். ஊடுருவாதது மட்டும் சான்றாகாது.

விளிம்பின் அருமை தெரியும் இடம் மேஜிக்கின் மிக விலையுயர்ந்த அட்டையான பிளாக் லோட்டஸ். 1993இல் வந்த ஆல்ஃபா, பீட்டா பதிப்புகளில் அது இடம்பெற்றது. அதே ஆண்டு சேகரிப்பாளர்களுக்கென ஒரு தனிப் பதிப்பும் வெளியானது. முன்பக்கம் பீட்டாவைப் போலவே இருக்கும். ஆனால் மூலைகள் சதுரமானவை, பின்பக்கத்தில் தங்க நிற எல்லை உண்டு, போட்டிகளில் பயன்படுத்த முடியாது. அதனால் அதன் விலை பீட்டாவின் விலையில் சிறு பகுதிதான். மோசடிக்காரர் இந்த லோட்டஸை இரண்டாக உரித்து முன்பக்கத்தை எடுத்துக்கொள்கிறார். ஒரு மலிவான பழைய அட்டையின் பின்பக்கத்தை உரித்து அதன்மேல் ஒட்டி, மூலைகளை வளைவாக வெட்டுகிறார்.

இதைப் பூதக்கண்ணாடியால் சோதித்தால் எல்லாமே சரியாக இருக்கும். பூ வடிவமும் கறுப்பு எழுத்தும் உண்மையானவை, ஏனென்றால் முன்பக்கம் உண்மையான அச்சு. பச்சைப் புள்ளியும் சரி, பின்பக்கமும் உண்மையான அச்சு. விளிம்புதான் காட்டிக்கொடுக்கும். நீல இழை இரட்டிப்பாகவோ அறுந்தோ இருக்கும், ஒட்டிய கோட்டில் பசை மினுங்கும், மூலைகளில் இரு தாள்களும் மயிரிழை விலகி நிற்கும். நான்கு மூலைகளின் வளைவும் ஒன்றுபோல் இராது. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் அதே காலத்து அட்டை ஒன்றோடு ஒப்பிட்டால் எடையும் பொருந்தாது. தேய்ந்த ஓரத்தை மறைக்க நறுக்கிய அட்டைகளையும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். உண்மையான அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்து, ஓரம் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால் கத்தி பட்டிருக்கிறது.

திறக்காத பாக்கெட்டில் அட்டையையே பார்க்க முடியாது. மடிப்பும் ஒட்டும்தான் சாட்சி. அட்டை பாக்கெட்டின் இரு முனைகளையும் பல்வரிசை போன்ற அச்சுச் சூட்டில் அழுத்தி மூடுகிறது. பின்புறத்தில் நீளவாக்கில் ஒரு தையல் உண்டு. நல்ல அட்டையை உருவிவிட்டு மறுபடி ஒட்டிய பாக்கெட்டில் வரிகள் இரட்டையாகத் தெரியும், தையலைச் சற்று விலக்கினால் பசை நூல்நூலாக இழுபடும்.

முழுப் பெட்டிகளில் ஏமாற்றம் இன்னும் பெரிது. அமெரிக்கக் காணொளிப் பிரபலம் லோகன் பால், 1999ஆம் ஆண்டின் போக்கிமான் முதல் பதிப்பு என்று நம்பி, ஆறு பெட்டிகள் கொண்ட ஒரு கேஸை 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். அது நிபுணர் சோதனையில் தேறியதாகவே விற்கப்பட்டது. 2022 ஜனவரியில் சிகாகோவில் அதைத் திறந்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ அட்டைகள் இருந்தன. வெளிப்பெட்டி மூடியிருக்கும்வரை உள்ளே இருக்கும் பெட்டிகளின் மடிப்பையும் உறையையும் யாராலும் பார்க்க முடியாது. வெளி முத்திரை வெளிப்பெட்டிக்கு மட்டுமே பொறுப்பு.

சேகரிப்புப் பொம்மைகளிலும் பெட்டியைப் பொம்மையோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். டிராகன் பால், ஒன் பீஸ் பொம்மைகளின் ஜப்பானியப் பெட்டிகளில் டோய் அனிமேஷன் நிறுவனத்தின் மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பெட்டியைச் சாய்த்தால் அதன் ஒளியும் நிறமும் மாறும். போலி ஸ்டிக்கர் எந்தக் கோணத்திலும் சாம்பல் நிறமாகவே நிற்கும். ஆனால் உண்மையான காலிப் பெட்டிகளும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஃபங்கோ பாப் பொம்மைகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உற்பத்திக் குறியீடு பெட்டியின் அடியிலும் பொம்மையின் பாதத்திலும் அச்சாகியிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் பெட்டி வேறு, பொம்மை வேறு என்று சந்தேகிக்க வேண்டும். பாதத்தில் குறியீடே இல்லையென்றால் பெட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கழுத்து மூட்டிலும் வார்ப்புக் கோட்டிலும் பெயிண்ட் பிசிறடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.