பில்லில் 22 கேரட்... டெஸ்ட்டில் 21 கேரட்! நகைக்கடையிடம் எவ்வளவு பணம் திரும்பக் கேட்கலாம்?

நகைக்கடன் வாங்க பேங்க்குக்குப் போகும்போதுதான் பலருக்கு இந்த அதிர்ச்சி வருகிறது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது 22 கேரட் மாதிரி தெரியலையே" என்கிறார். கையில் இருக்கும் பில்லிலோ 916 என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உரைகல் பார்த்துச் சொன்னது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை.

முதலில் நகையைக் கவனியுங்கள். பி.ஐ.எஸ் முத்திரை, 22K916 என்ற தூய்மை அளவு, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்.யு.ஐ.டி குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இந்த 6 இலக்கக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு விலக்கு உண்டு.

அந்தக் குறியீட்டை BIS Care செயலியில் Verify HUID பகுதியில் டைப் செய்தால் நகையின் வகை, தூய்மை, ஹால்மார்க் போட்ட மையம் எல்லாம் வரும். கையில் இருப்பது செயின், திரையில் வருவதோ மோதிரம் என்றால் அந்த முத்திரையே சந்தேகத்துக்குரியது. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எங்கே டெஸ்ட் செய்வது?

பி.ஐ.எஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களும் நேரடியாக நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய், அதோடு வரி. அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். அதனால் கொக்கியையோ, பத்தவைத்த இடத்தையோ மட்டும் பார்க்காமல் பல இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள். துல்லியமான முடிவு வேண்டுமென்றால் சிறு துண்டு வெட்டி, நெருப்பில் உருக்கிப் பிரிக்கும் சோதனை செய்ய வேண்டும். நகை கொஞ்சம் சேதமாகும் என்பதைத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

வித்தியாசத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டியதில்லை. 2018-ம் ஆண்டு பி.ஐ.எஸ் விதிகளின்படி, ஹால்மார்க் நகையில் முத்திரையில் உள்ளதைவிடத் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும்.

உதாரணமாக நாலு பவுன் செயின், அதாவது 32 கிராம். பில்லில் 916, சோதனையில் 875 (இதுதான் 21 கேரட்). ஆயிரத்துக்கு 41 பங்கு குறைகிறது. 32 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 1.312 கிராம் சுத்தத் தங்கம் குறைவு. கணக்கு எளிதாக இருக்க, சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த மதிப்பு 13,120 ரூபாய். அதன் இரண்டு மடங்கு 26,240 ரூபாய். அதற்கு மேல் சோதனைச் செலவு. செய்கூலியும் சேதாரமும் இந்தக் கணக்கில் வராது, அவற்றைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஹால்மார்க்கே இல்லாத நகை என்றால் இந்த இரட்டிப்புக் கணக்கு பொருந்தாது. பில்லில் 22 கேரட் என்று எழுதிக் குறைத்துக் கொடுத்ததை வைத்து நுகர்வோர் ஆணையத்தில்தான் வழக்காட வேண்டும். பில்லே போடாமல் துண்டுச் சீட்டில் வாங்கியிருந்தால் சொன்ன தூய்மையை நிரூபிப்பதே கஷ்டம்.

கடையில் என்ன சொல்வார்கள்?

"குடுங்க, உருக்கிப் பார்த்துச் சொல்றோம்" என்பது வழக்கமான பதில். கொடுத்துவிடாதீர்கள். உருக்கினால் குறியீடு போச்சு, ஆதாரமும் போச்சு. "பழசை எடுத்துக்கிட்டு புதுசு தர்றோம்" என்பதும் அப்படித்தான். நகையைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பில் நகல், சோதனை அறிக்கை நகல், மேலே சொன்ன கணக்கு மூன்றையும் வைத்து, 15 நாளில் பணம் தரச் சொல்லி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். கடைக்காரர் சந்தேகப்பட்டால், இரு தரப்பும் கூட இருக்க வேறொரு அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மறுசோதனை செய்ய ஒத்துக்கொள்ளலாம். அதில் நமக்கு நஷ்டமில்லை.

பதில் இல்லையென்றால் BIS Care செயலியிலேயே புகார் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். அதற்கும் கடை மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நகைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அது எந்த நாளிலிருந்து என்று கடைத் தரப்பு கட்டாயம் வாதாடும். அதனால் பேங்க்கில் சந்தேகம் சொன்ன வாரமே சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.