முறுக்கு விலை ஏறும்போது எழுத வேண்டிய கடிதம்

2024 செப்டம்பர் நடுவில், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, இறக்குமதியாகும் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த வரியை ஒன்றிய அரசு 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. நாம் சமையலுக்குச் செலவழிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதால், பலகாரக் கடைகளில் டின் விலை ஏறியது. வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? பல கடைகளில் ‘மூலப்பொருள் விலை உயர்வால் பலகார விலை மாற்றப்படுகிறது’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டதோடு சரி. வருஷக்கணக்காக அதே கடையில் தீபாவளிக்கு ஐந்து கிலோ சொல்லிவைக்கும் ஒருவருக்கு அந்த அட்டை போதாது. எந்தப் பொருள் ஏறியது, அது ஒரு கிலோ முறுக்கில் எத்தனை ரூபாய் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் கணக்கு கடினமில்லை. வாணலியில் ஊற்றியதையும் இடையிடையே சேர்த்ததையும் குறித்துக்கொண்டு, சுட்டு முடித்தபின் திரும்பப் பயன்படுத்தக்கூடிய எண்ணெயை அளந்து கழிக்க வேண்டும். இருபது கிலோ முறுக்குக்கு ஏழு லிட்டர் போயிருந்தால் கிலோவுக்கு 350 மில்லி. இதில் பெரும்பகுதி முறுக்கு குடித்தது. மீதி, கறுத்து, அடியில் மண்டி தங்கிக் கொட்டியது. ஓமப்பொடி போன்ற மெல்லிய பலகாரம் இதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால் அதைத் தனியாக அளக்க வேண்டும்.

புரிவதற்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் டின் 1,800 ரூபாயிலிருந்து 2,250 ஆகிறது. லிட்டருக்கு 30 ரூபாய் ஏற்றம். 350 மில்லிக்குப் பத்தரை ரூபாய். எண்ணெய் கால் பங்கு ஏறினாலும், 280 ரூபாய் முறுக்கு 290 ஆனால் போதும், நான்கு சதவீதம்கூட இல்லை. எண்ணெய் ஏறிய சதவீதத்தை அப்படியே முறுக்கின் தலையில் ஏற்றினால் 350 ஆகிவிடும். அது நியாயமே இல்லை.

கால் கிலோ பாக்கெட்டில்தான் சிக்கல். 70 ரூபாய் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் அறுபது காசு சொச்சம் ஏற வேண்டும். சில்லறைத் தொல்லை என்று 75 ஆக்கினால் கிலோ 300 ஆகிறது. எண்ணெய்க்குப் பத்து, கடைக்குப் பத்து. 73 வைப்பதே சரி. விலையை அப்படியே வைத்து எடையை 240 கிராமாகக் குறைப்பவர்களும் உண்டு. பாக்கெட்டில் எடையைச் சரியாக அச்சிட்டால் சட்டப்படி தவறில்லை, ஆனால் பழகியவரிடம் சொல்லாமல் செய்வது எனக்கு ஒப்பவில்லை. பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டின் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதையோ சட்டம் அனுமதிப்பதில்லை; விலையைக் குறைக்க மட்டுமே ஒட்டலாம்.

இவ்வளவையும் வைத்து எழுதினால் கடிதம் இப்படி வரும்:

“அம்மா அவர்களுக்கு வணக்கம். வருகிற திங்கள் முதல் நம் கடையில் முறுக்கு கிலோ 280 ரூபாயிலிருந்து 290 ஆகிறது. கால் கிலோ 73. சூரியகாந்தி எண்ணெய் டின்னுக்கு 450 ரூபாய் கூடிவிட்டது. ஒரு கிலோ முறுக்குக்கு எங்களுக்கு 350 மில்லி எண்ணெய் ஆகிறது. அந்தப் பத்து ரூபாயைத்தான் சேர்த்திருக்கிறோம். எடை, மாவு, வெண்ணெய் எதிலும் மாற்றமில்லை. கடலை மிட்டாய், பொரி உருண்டை பழைய விலைதான். நீங்கள் தீபாவளிக்குச் சொல்லி முன்பணம் கொடுத்த ஐந்து கிலோவுக்கும் பழைய விலையே. டின் 2,100 ரூபாய்க்கு இறங்கினால் கால் கிலோவில் ஒரு ரூபாய் குறைப்போம்.”

‘திங்கள் முதல்’ என்பது பழைய விலையில் வாங்கிய டின்கள் தீரும் நாளாக இருக்க வேண்டும். அந்தச் செப்டம்பரில் ஒன்றிய அரசும் எண்ணெய் நிறுவனங்களிடம், குறைந்த வரியில் வந்த இருப்பு தீரும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டது.

கடைசி வரியைப் பலர் எழுதத் தயங்குவார்கள். ஆனால் 2025 மே இறுதியில் அதே கச்சா எண்ணெய்களின் வரி 16.5 சதவீதமாக இறங்கியது. வரி இறங்கிய அன்றே டின் விலை இறங்கிவிடாது. உலகச் சந்தை விலையும் ரூபாய் மதிப்பும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. அதனால் கடிதத்தில் வரியைப் பற்றி வாக்குக் கொடுக்காமல், கடைக்காரர் தன் கையால் காசு கொடுக்கும் டின் விலையைக் குறிப்பிடுவது நல்லது. 2,100 என்றால் லிட்டருக்குப் பத்து ரூபாய் இறக்கம், கிலோவுக்கு மூன்றரை, கால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். அதற்கும் குறைவான இறக்கத்தைப் பாக்கெட் விலையில் காட்ட முடியாது.