கடைசித் தவணை கட்டியாச்சு, கடிதம் எங்கே?

பைக் கடனின் கடைசித் தவணை வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டதும் வந்து சேரும் குறுஞ்செய்தியோடு கடன் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பணம் வந்ததைத்தான் அது சொல்கிறது. கணக்கு மூடப்பட்டதைச் சொல்வது, கடன் கொடுத்த நிறுவனம் எழுதித் தரும் நிலுவையின்மைக் கடிதம். பேச்சு வழக்கில் என்.ஓ.சி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 3,850 ரூபாய் வீதம் 24 தவணை, மொத்தம் 92,400. நடுவில் ஒரு மாதம் வங்கியில் இருப்பு இல்லாமல் தவணை திரும்பிவிட்டது. மறுவாரமே அந்தத் தொகையை வாடிக்கையாளர் நேரில் கட்டிவிட்டார். ஆனால் தவணை திரும்பியதற்கான 500 ரூபாய் கட்டணம் பேரேட்டில் அப்படியே நிற்கிறது. அவர் கணக்கில் பாக்கி இல்லை, நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. இந்த நிலையில் கடிதம் கொடுத்தால், பின்னால் வசூல் பிரிவிலிருந்து போன் வரும், அவர் கடிதத்தைக் காட்டுவார், தகராறுதான். ஆகவே முதலில் பேரேடு பூஜ்யத்துக்கு வர வேண்டும். 500 ரூபாயை வசூலிப்பதா தள்ளுபடி செய்வதா என்று முடிவெடுத்து, அதைப் பதிந்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். காசோலையாகக் கொடுத்திருந்தால், அது பணமாகும்வரை பொறுத்திருப்பதும் அவசியம்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கடன் எண், வாடிக்கையாளர் பெயர், வண்டிப் பதிவு எண், சேஸிஸ் எண், கடைசித் தொகை வந்த தேதி, கணக்கு மூடிய தேதி ஆகியவை இருக்க வேண்டும். பிறகு ஒரே வாக்கியம்: “இக்கடனில் அசல், வட்டி, இதர கட்டணம் எதுவும் நிலுவையில்லை, வண்டியின் மீது எங்களுக்கு இனி எந்த உரிமையும் இல்லை.” “இன்றைய தேதி வரை” என்று மட்டும் எழுதினால், நாளைக்கு ஏதாவது கேட்பார்களோ என்ற சந்தேகம் மிஞ்சும்.

முழுத் தொகையும் கட்டியவருக்கு “செட்டில்” ஆனது என்று எழுதுவது பெரும் அநீதி. கடன் தகவல் அறிக்கையில் அந்தச் சொல், குறைந்த தொகைக்குச் சமரசம் செய்துகொண்டதையே குறிக்கும். அடுத்த கடனுக்கு அது தடையாகும். “முழுமையாகச் செலுத்தி மூடப்பட்டது” என்பதே சரி.

கடிதத்தோடு, நிறுவனம் கையெழுத்தும் முத்திரையும் இட்ட படிவம் 35-ஐயும் தர வேண்டும். இரண்டையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால்தான் ஆர்.சி.யில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் நீங்கும். அது நீங்காத வண்டியை விற்கப் போனால் பெயர் மாற்றம் நின்றுபோகும்.

தனிநபர் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஒரு கெடு விதித்தது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள், வாங்கி வைத்த அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவு செய்த அடமான உரிமையையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடைசித் தவணை கட்டியவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, 30 நாளுக்குள் கடிதம் வரவில்லையென்றால் கிளைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.