கஜாவுக்குக் கடல் கொடுத்ததும் தரை மறுத்ததும்

2018 நவம்பர் 11-ஆம் தேதி காலை, வங்கக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்று கஜா என்று பெயர் பெற்றது. அடுத்த சில நாட்கள் அது நடந்துகொண்டதைப் பார்த்தவர்கள் பெரிதாகப் பயப்படவில்லை. வடமேற்கே வந்தது, தயங்கியது, வளைந்து தென்மேற்கே திரும்பியது. 14-ஆம் தேதி வரை அது வெறும் புயல்தான். 15 காலையில் தீவிரப் புயல் ஆனது, அன்றிரவே அதிதீவிரப் புயல். நள்ளிரவு தாண்டி, 16-ஆம் தேதி பன்னிரண்டரை மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது, மையத்தைச் சுற்றிய காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. அன்று மாலைக்குள் அதே கஜா கேரளத்தின் மேல் மறுபடியும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகச் சுருங்கிக் கிடந்தது.

நான்கு நாள் கடலில் இருந்தும் ஏறாத வலு, கடைசி ஒரே நாளில் எப்படி ஏறியது? ஏறியது அரை நாளில் எப்படி இறங்கியது?

புயல் உண்பது நீராவியை. கடல் சூடாக இருப்பது மட்டும் காற்றைச் சுழலவைத்துவிடாது. அந்தச் சூடு காற்றுக்குள் போய்ச் சேர ஒரு வழி வேண்டும், ஆவியாதல்தான் அந்த வழி. ஒரு லிட்டர் கடல் நீர் ஆவியாகும்போது கடலிடமிருந்து பெருமளவு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவி மேலே ஏறி, குளிர்ந்து, மேகத் துளியாகும்போது எடுத்த வெப்பத்தை அப்படியே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அது எவ்வளவு என்றால், சுமார் எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான அளவு. புயலின் மையத்தைச் சுற்றி இப்படி லிட்டர் லிட்டராக அல்ல, நொடிக்கு நொடி கணக்கற்ற டன் நீராவி மேகமாகிக்கொண்டிருக்கிறது.

இதனால் மையப் பகுதியின் காற்று சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகி, லேசாகி, மேலே போகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக மையத்துக்கு வர முடியாமல் வளைந்து, நமது அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஐந்து பாகை வரையில் இந்த வளைக்கும் விசை மிகக் குறைவு. அங்கே கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் புயல் பிறப்பது அபூர்வம்.

விஷயத்தின் உயிர்நாடி அடுத்த படியில் இருக்கிறது. கொடியில் போட்ட ஈரத்துணி காற்றடித்தால் சீக்கிரம் காய்வதுபோல, கடலும் காற்று வலுக்க வலுக்க அதிகம் ஆவியாகிறது. ஆவி கூடினால் மையம் இன்னும் சூடாகிறது, அழுத்தம் இன்னும் குறைகிறது, காற்று இன்னும் வேகமெடுக்கிறது. அந்த வேகம் மறுபடியும் கூடுதல் ஆவியைக் கிளப்புகிறது. புயல் தன் இரையைத் தானே கிளப்பிக்கொள்கிறது என்று சொல்லலாம். இந்த வட்டம் தடையில்லாமல் சுழன்றால், ஒரே நாளில் ஒரு சாதாரணப் புயல் இரண்டு படி ஏறிவிடும்.

கஜாவின் வட்டத்தில் முதல் நான்கு நாட்களும் தடை இருந்தது. அந்தத் தடை கடலில் இல்லை, வானத்தில் இருந்தது. புயல் என்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கும் ஒரு தூண். கீழே காற்று ஒரு திசையிலும் மேலே வேறொரு திசையிலும் வேகமாக வீசினால் தூண் சாய்ந்துவிடும். மையத்தின் மேல் சேர வேண்டிய சூடு பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். சாய்ந்த இடத்தின் வழியே வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மேகங்களும் கலையும். கஜாவுக்கு இரண்டும் நேர்ந்தன. கரையை நெருங்கிய கடைசி நாளில் அந்தத் தொல்லை தணிந்ததும், காத்துக்கிடந்த கடல் அதற்கு வாரி வழங்கிவிட்டது.

புயல் உருவாகக் கடல்மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அது சரிதான், ஆனால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடல் முழுக்கப் புயல்களாக இருக்க வேண்டும். அப்போதும் கடல் அதைவிடச் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழே மேற்குக் காற்றும் உயரத்தில் கடும் கிழக்குக் காற்றும் வீசுகின்றன. எந்தத் தூணும் நிமிர்ந்து நிற்க முடியாது. பருவமழைக்கு முன்னும் பின்னும் என நமக்குப் புயல் காலம் இரண்டாகப் பிரிந்து வருவது இதனால்தான்.

கடலின் பங்கைச் சொல்லும்போது ஆழத்தையும் சொல்லியாக வேண்டும். புயல்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. பல கடல்களில் மெதுவாக நகரும் புயல் தன் காலடி நீரைத் தானே குளிரவைத்துக்கொண்டு தளர்வது உண்டு. வடக்கு வங்கக் கடலில் இது அவ்வளவாக நடப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு நீரைவிட லேசானது என்பதால், மேலே ஒரு தனி அடுக்காக மிதக்கிறது. அந்த அடுக்கைக் கலக்கி அடியிலுள்ள குளிர் நீரை மேலே இழுப்பது கடினம். புயலுக்கு இதைவிட வசதியான கடல் வேறு அதிகம் இல்லை.

இனி தரைக்கு வருவோம். மரங்களும் கட்டடங்களும் மலைகளும் தடுப்பதால் புயல் தளர்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. சொரசொரப்பான தரை, நிலத்தை ஒட்டி வீசும் காற்றின் வேகத்தைக் கரை தாண்டிய உடனே கொஞ்சம் வெட்டிவிடுகிறது. ஆனால் உராய்வு மட்டுமே புயலைக் கொல்லப் போதாது. வேகம் குறைந்த காற்று மையத்தை நோக்கி இன்னும் அதிகமாக உள்ளே வளையும், கூடவே ஈரத்தையும் இழுத்து வரும். ஆளை வீழ்த்துவது பட்டினி. தரையிலிருந்து கடல் அளவுக்கு நீராவி கிளம்புவதில்லை.

நவம்பர் மாதத்து டெல்டாவில் வயலெல்லாம் சம்பா பயிரும் தண்ணீருமாகத்தானே இருந்தது என்று யாராவது கேட்டால், அது நல்ல கேள்வி. ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அதை ஆவியாக்கும் சூடும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீர், கொஞ்ச நேர ஆவியாதலிலேயே குளிர்ந்துவிடும். அடியிலுள்ள மண்ணும் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் மேலே அனுப்பும். கடலுக்கோ பல பத்து மீட்டர் ஆழத்துக்குச் சூடு கையிருப்பில் இருக்கிறது. 2002-இல் ஷென், கினிஸ், டுலேயா ஆகிய மூவர் கணினி மாதிரியில் இதைச் சோதித்தபோது, தரைமேல் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் புயல் தளரும் வேகம் கவனிக்கத்தக்க அளவு குறையும் என்று கண்டார்கள். நெல் வயலில் அவ்வளவு நிற்பதில்லை.

தளர்வது என்றாலும் அது விளக்கை அணைப்பது போன்ற காரியமல்ல. அமெரிக்கக் கரையேறிய புயல்களை வைத்து கப்லன், டிமரியா என்ற இருவர் 1995-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கரை தாண்டும்போது வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதன் பிறகு, மணிக்கு சுமார் 50 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அது ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகும். கஜாவுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 130-இல் பத்தில் ஒன்று போனால் 117. அதில் 50-க்கு மேலுள்ளது 67. ஐந்து மணி நேரத்தில் இந்த 67 சுமார் 42 ஆகும். ஆக, கரையேறி ஐந்து மணி நேரம் ஆன பிறகும் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய காற்று இருக்கக்கூடும்.

அந்த ஐந்து மணி நேரத்தில் கஜா மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தது. கடற்கரைக்காரர்கள் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு இருந்தால் போதும் என்று நினைத்த புதுக்கோட்டை மாவட்டத்தில், பலாவும் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளுக்கு நேர்ந்த அழிவு பலருக்கும் தெரியும். மையம் ஓர் ஊரின் மேலேயே கடந்தால், முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும், நடுவே கொஞ்சம் அமைதி வரும், பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் அடியில் வேர் தளர்ந்து நிற்கும் மரம் இரண்டாவது அடியில் மறுபக்கம் சாயும். அந்த இடைவெளியில், முடிந்துவிட்டது என்று வெளியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உண்மையில் கஜா இந்தக் கணக்கைவிடச் சீக்கிரமாகவே இளைத்தது. அந்தச் சூத்திரம் பெரும்பாலும் சமவெளிக் கரைகளுக்குப் பொருந்துவது. இங்கே வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. கொடைக்கானல் மலையில் மண்சரிவை உண்டாக்கிவிட்டு, சுழற்சி குலைந்து, கேரளத்தைத் தாண்டியது. பிறகு அரபிக் கடலில் இறங்கியதும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக ஒரு படி ஏறியது. தண்ணீரைக் கண்டதும் மறுபடி தின்னத் தொடங்கிவிட்டது. ஆனால் மீண்டும் புயலாகாமல் சில நாட்களில் அங்கேயே கலைந்துபோனது.

இந்தக் கணக்கும் மாறிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. ஜப்பானின் ஒக்கினாவாவிலுள்ள ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய லின் லியும் பினாகி சக்ரவர்த்தியும் வட அட்லாண்டிக் புயல்களை ஆராய்ந்து, 2020-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஒரு புயல் கரையேறிய முதல் நாளில் தன் வலுவில் முக்கால் பங்கை இழந்தது, இப்போது பாதியைத்தான் இழக்கிறது என்பது அவர்கள் கண்டது. கடல் சூடாகியிருப்பதால், புயல் கரையேறும்போதே அதிக ஈரத்தைக் கட்டுச்சோறாக எடுத்து வருகிறது, பட்டினி தொடங்கத் தாமதமாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இது வங்கக் கடலுக்கும் அப்படியே பொருந்துமா என்பதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

அந்தக் கட்டுச்சோறு முழுவதும் காற்றாகச் செலவாவதில்லை. புயல், தாழ்வு மண்டலம் என்ற படிகள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துப் போட்டவை, மழையை வைத்து அல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், வேகத்தில் பெரிய புயலே அல்ல. ஆனால் அது கரையேறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. கடல் பக்கத்திலேயே இருந்ததால், மேலிருந்த மேகங்களுக்கு ஈரம் வந்துகொண்டே இருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. பிறகு புயல் வலுவிழந்து உள்ளே நகர்ந்து, கடலிலிருந்து வெகுதூரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தொட்டது. அப்போது அதன் பெயர்கூடப் புயல் இல்லை.